40 டிகிரியில் 0.01 M NaOH: மீட்டர் 11.5 காட்டினால் அது தவறா?

கேள்வி: சார், நான் வேலூரில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். மே மாத வெயிலில் எங்கள் லேபில் 40 டிகிரி இருக்கும். 0.01 M NaOH கரைசலை pH மீட்டரில் வைத்தால் 11.5 வருகிறது, கணக்குப்படி 12 வர வேண்டும். ஆனால் 0.01 M HCl சரியாக 2.0 காட்டுகிறது. மீட்டர் காரத்துக்கு மட்டும் கெட்டுப்போயிருக்குமா? அந்தச் சூட்டில் தூய நீரின் pH 6.77 என்று சீனியர் சொல்கிறார். அப்படியென்றால் சூடான தண்ணீர் அமிலமா?

பதில்:

மீட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. 12 என்ற உங்கள் கணக்குதான் 25 டிகிரிக்கு உரியது. pOH 2 என்று கண்டுபிடித்து 14-லிருந்து கழித்திருப்பீர்கள். அந்த 14, 25 டிகிரியில் மட்டும் கிடைக்கும் எண். உங்கள் லேப் அன்று 25 டிகிரியில் இல்லை.

அந்த 14 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நீர் மூலக்கூறுகளில் மிகச் சிறு பங்கு தாமாகவே H⁺ ஆகவும் OH⁻ ஆகவும் பிரிந்திருக்கும். (H⁺ என்று எழுதுவது சுருக்கத்துக்காக, நீருக்குள் அது H₃O⁺ ஆகத்தான் இருக்கும்.) இந்த இரண்டின் செறிவுகளையும் பெருக்கினால் கிடைப்பது நீரின் அயனிப் பெருக்கம், Kw. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், நீர்த்த கரைசலில் என்ன கலந்தாலும் இந்தப் பெருக்கற்பலன் மாறாது. அமிலம் சேர்த்து H⁺-ஐ ஏற்றினால் OH⁻ இறங்கிக்கொள்ளும். காரம் சேர்த்தால் நேர்மாறாக நடக்கும். 25 டிகிரியில் Kw = 1.0 × 10⁻¹⁴. இதற்கு மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் 14 வரும். pH + pOH = 14 என்று பத்தாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்வது இதைத்தான். அங்கே '25 டிகிரியில்' என்ற சொல்லையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வைத்திருக்கலாம். பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

நீர் மூலக்கூறு பிரிவதற்கு வெப்பம் தேவை, அதாவது இது வெப்பம் கொள்வினை. வலிமை மிகு அமிலமும் காரமும் சேரும்போது மோலுக்கு ஏறக்குறைய 56 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறதே, அதே வினையைத் திருப்பிப் போட்டால் நீர் பிரியும் வினை; அதே அளவு வெப்பத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆகவே சூடு ஏறினால் லீ சாட்லியர் தத்துவப்படி பிரிதல் கூடும், Kw-உம் கூடும். எவ்வளவு கூடும் என்பதை வாண்ட் ஹாஃப் சமன்பாட்டில் போட்டே பார்க்கலாம்:

```
ln(K2/K1) = (ΔH/R)(1/T1 − 1/T2)
          = (55800/8.314)(1/298.15 − 1/313.15)
          ≈ 1.08
K2/K1     ≈ 2.94
```

அதாவது 15 டிகிரி ஏறியதற்கே Kw ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. அளந்து கண்ட மதிப்பும் 40 டிகிரியில் 2.92 × 10⁻¹⁴ தான். இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். இதற்கு மடக்கை எடுத்தால் pKw = 13.53. உங்கள் லேபில் அன்று 14-க்குப் பதிலாக நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டிய எண் இதுதான்.

இனி உங்கள் இரண்டு கரைசல்களையும் எடுத்துக்கொள்வோம்.

```
0.01 M HCl, 40 °C
[H+]  = 0.01      →  pH  = 2.00
pOH   = 13.53 − 2.00 = 11.53

0.01 M NaOH, 40 °C
[OH-] = 0.01      →  pOH = 2.00
pH    = 13.53 − 2.00 = 11.53
```

உங்கள் குழப்பத்துக்கு விடை இந்த ஆறு வரிகளிலேயே இருக்கிறது. HCl முழுவதும் அயனியாகிவிடும் அமிலம். அதன் H⁺ நீங்கள் போட்ட அமிலத்திலிருந்து வருகிறது; நீர் தன் பங்குக்குக் கொடுப்பது 10⁻¹² அளவில்தான், கணக்கில் சேராது. சூடானாலும் போட்ட அமிலம் போட்ட அளவுதான். தண்ணீர் விரிவதால் மோலாரிட்டி அரை சதவீதம் குறையும், அவ்வளவே; மூன்றாம் தசமத்தில்தான் தெரியும். அதனால் pH 2-லேயே நிற்கிறது. மாறுவது அதன் pOH. 25 டிகிரியில் 12 ஆக இருந்தது 40-இல் 11.53 ஆகிவிட்டது. ஆனால் pOH காட்டும் மீட்டர் எதுவும் உங்கள் மேசையில் இல்லை, அதனால் அந்த மாற்றம் உங்கள் கண்ணில் படவில்லை.

NaOH-இல் இதே கதை இடம் மாறி நடக்கிறது. நீங்கள் போட்டது OH⁻. அது 0.01-லேயே இருக்கிறது, pOH 2-லேயே இருக்கிறது. H⁺ முழுவதும் நீரிடமிருந்து வர வேண்டியது. Kw மூன்று மடங்கானால் அதுவும் மூன்று மடங்காகும். 25 டிகிரியில் 1.0 × 10⁻¹² ஆக இருந்தது 2.92 × 10⁻¹² ஆகிறது. மீட்டர் பார்ப்பது H⁺-ஐ மட்டுமே, ஆகவே 12-லிருந்து 11.53-க்கு இறங்கிக் காட்டுகிறது. மீட்டருக்கு அமிலம் என்றும் காரம் என்றும் பாரபட்சம் எதுவும் இல்லை.

கரைசலின் காரத்தன்மை குறைந்துவிட்டது என்றும் இதற்குப் பொருள் இல்லை. அதே 10 மில்லிலிட்டர் NaOH-ஐ நடுநிலையாக்க, 25 டிகிரியிலும் 40 டிகிரியிலும் அதே அளவு HCl-தான் வேண்டும்.

சரி, 11.53-க்கும் உங்கள் 11.5-க்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி? மீட்டர் உண்மையில் செறிவைப் பார்ப்பதில்லை, அயனியின் செயல்திறனைப் பார்க்கிறது. 0.01 M கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பதால் செயல்திறன் செறிவில் சுமார் 90 சதவீதம்தான் இருக்கும். அதனால் HCl 2.04 பக்கமும் NaOH 11.49 பக்கமும் காட்டுவதே நியாயம். உங்கள் இரண்டு அளவீடுகளும் இதோடு ஒத்துப்போகின்றன. 0.1 M-க்குப் போனால் இந்த விலகல் இன்னும் கூடும்: HCl 1.0 காட்டாது, 1.1-ஐ ஒட்டிக் காட்டும். தேர்வுத் தாளில் இதைக் கணக்கில் எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் சூடான தண்ணீர் விஷயம். உங்கள் சீனியர் சொன்ன எண் சரி. தூய நீரில் H⁺-உம் OH⁻-உம் சமம், ஆகவே ஒவ்வொன்றும் Kw-வின் வர்க்கமூலம். 40 டிகிரியில் அது 1.71 × 10⁻⁷, pH 6.77, pOH-உம் 6.77. இரண்டும் சமமாக இருக்கும்வரை அது நடுநிலைதான். அமிலம் என்றால் H⁺ ஆனது OH⁻-ஐ விட அதிகமாக இருக்க வேண்டும். pH 7-க்குக் கீழே இருந்தால் அமிலம் என்பது 25 டிகிரிக்கு மட்டும் பொருந்தும் குறுக்குவழி. நடுநிலைப் புள்ளி 0 டிகிரியில் 7.47, 50 டிகிரியில் 6.63, கொதிநிலையில் 6.1 அளவில் இருக்கும். கொதிக்கும் தூய நீரும் அமிலம் ஆகிவிடாது.

இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனால்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. 40 டிகிரியில் 1.0 × 10⁻⁷ M NaOH-இன் pH என்ன என்று கேட்டால் என்ன எழுதுவீர்கள்?

பழக்கத்தில் கை முதலில் எழுதுவது: pOH = 7, pH = 14 − 7 = 7, நடுநிலை. காரம் போட்டும் நடுநிலை என்பது இடிக்கிறது. சற்று விவரமானவர் 14-ஐ விட்டுவிட்டு 13.53-ஐ எடுப்பார்: pH = 13.53 − 7 = 6.53. இது அதைவிட மோசம். 40 டிகிரியில் நடுநிலை 6.77, 6.53 அதற்கும் கீழே. தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து அமிலம் தயாரித்திருக்கிறார். விடை தவறு என்று கண்டுபிடிக்க நல்ல வழி இதுதான்: காரம் போட்ட கரைசலின் pH அந்த வெப்பநிலையின் நடுநிலைப் புள்ளிக்குக் கீழே வரவே கூடாது, அமிலம் போட்டதன் pH மேலே வரவே கூடாது.

பிழை எங்கே என்றால், நீர் தானே கொடுக்கும் OH⁻-ஐ மறந்துவிட்டோம். 0.01 M-இல் அதை மறக்கலாம். ஆனால் இங்கே நீங்கள் போட்டது 1.0 × 10⁻⁷, நீர் தனியாகவே வைத்திருப்பது 1.71 × 10⁻⁷. போட்டதைவிட ஏற்கெனவே இருப்பது அதிகம். அதற்காக இரண்டையும் அப்படியே கூட்டிவிடவும் முடியாது. வெளியிலிருந்து OH⁻ வந்தவுடன் நீர் தன் பிரிதலைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். ஆகவே மின்சுமைச் சமநிலையிலிருந்து தொடங்க வேண்டும். கரைசலில் நேர்மின் அயனிகள் Na⁺-உம் H⁺-உம், எதிர்மின் அயனி OH⁻ மட்டும். [OH⁻]-ஐ x என்று வைத்தால், x = C + Kw/x. இதை x-ஆல் பெருக்கினால் இருபடிச் சமன்பாடு:

```
x² − C·x − Kw = 0
x = [C + √(C² + 4Kw)] / 2

C = 1.0×10⁻⁷,  Kw = 2.92×10⁻¹⁴
√(1.0×10⁻¹⁴ + 11.68×10⁻¹⁴) = 3.56×10⁻⁷
x    = 2.28×10⁻⁷
pOH  = 6.64
pH   = 13.53 − 6.64 = 6.89
```

விடை 6.89. 7-ஐ விடக் குறைவு, ஆனால் கரைசல் காரம்! நடுநிலையான 6.77-க்கு மேலே இருக்கிறதே. [H⁺] = 1.28 × 10⁻⁷, [OH⁻] = 2.28 × 10⁻⁷. வித்தியாசம் சரியாக நீங்கள் போட்ட 1.0 × 10⁻⁷. விடையைச் சரிபார்க்க இந்தக் கழித்தல் போதும். அமிலத்துக்கும் இதே சமன்பாடுதான், x-ஐ [H⁺] என்று வைத்துக்கொள்ள வேண்டும். 40 டிகிரியில் 10⁻⁸ M HCl-க்குப் போட்டுப் பாருங்கள், 6.75 வரும், நடுநிலைக்கு ஒரு மயிரிழை கீழே.

எப்போது இருபடி, எப்போது நேர்வழி? சாதாரண வெப்பநிலையில் செறிவு 10⁻⁶ M-க்கு மேல் இருந்தால் நேர்வழியில் போகலாம், பிழை இரண்டாம் தசமத்தில்தான் எட்டிப்பார்க்கும். அதற்குக் கீழே இருபடிதான். வெப்பநிலை ஏறினால் நீரின் சொந்தப் பங்கும் ஏறுவதால் இந்த எல்லையும் மேலே நகரும். கொதிநிலைக்கு அருகில் நீரே 7 × 10⁻⁷ அளவில் வைத்திருக்கும், அங்கே 10⁻⁶ M-ஐக்கூட நேர்வழியில் போட முடியாது.

இந்தக் கணக்கை லேபில் செய்து பார்க்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். திறந்த பீக்கரில் உள்ள நீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். காலப்போக்கில் அதன் pH 5.6 பக்கம் போய்விடும். 10⁻⁷ M NaOH அதன் முன்னால் தாக்குப்பிடிக்காது. காலை வடித்துத் திறந்து வைத்த வாலைவடிநீரில் மதியம் 6.77-ஐத் தேடினால் கிடைக்காது. அது மீட்டரின் குற்றமும் இல்லை, Kw-வின் குற்றமும் இல்லை.

மீட்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது அதுதான்: "மீட்டரில் வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி இருக்கிறதே, அது இதைச் சரிசெய்யாதா?" செய்யாது. கண்ணாடி மின்முனை ஒரு pH அலகுக்கு 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட் தரும், 40 டிகிரியில் 62.1 தரும். அந்த வசதி திருத்துவது இந்த எண்ணை மட்டுமே. கரைசலுக்குள் Kw மாறியதை அது அறியாது, அறியவும் கூடாது. 40 டிகிரியில் கரைசலின் உண்மையான pH எதுவோ அதைச் சொல்வதுதான் அதன் வேலை. 25 டிகிரி மதிப்பு வேண்டுமென்றால் கரைசலை 25 டிகிரிக்குக் குளிர்வித்துத்தான் அளக்க வேண்டும்.

தவறு நடக்கும் இடம் வேறு: தாங்கல் கரைசல். போராக்ஸ் தாங்கல் கரைசலின் புட்டியில் 9.18 என்று அச்சிட்டிருக்கும். அது 25 டிகிரிக்கு. 40 டிகிரியில் அதன் pH 9.07. வேலூர் மே மாதத்தில், பர்னர் சுடர் அணையாமலிருக்க மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் லேபில், அதை 9.18 என்று மீட்டரில் அமைத்தால் காரப் பக்கம் எல்லாமே கூடுதலாகக் காட்டும். புட்டியின் பக்கவாட்டில் வெப்பநிலை அட்டவணை இருக்கும், அதைப் பார்த்து அமைக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் NaOH மேல் சந்தேகம் இருந்தால் தீர்த்துக்கொள்ள வழி உண்டு. 25 டிகிரியில் 11.5 என்றால் OH⁻ 0.0032 M தான், அதாவது போட்ட காரத்தில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்க வேண்டும். பழைய, ஈரம் கோத்த NaOH வில்லைகளை எடை போட்டிருந்தால் ஓரளவு குறையலாம், இவ்வளவு குறையாது. 10 மில்லிலிட்டர் காரத்தை பிப்பெட்டில் எடுத்து, பினாப்தலீன் விட்டு, 0.01 M HCl-ஆல் தரம்பார்த்தல் செய்யுங்கள். 10 மில்லிலிட்டரை ஒட்டி நிறம் போனால் காரம் சரி, வெப்பநிலைதான் காரணம். 3 மில்லிலிட்டரிலேயே போய்விட்டால் கரைசல் தயாரித்தவரைக் கேட்க வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் இந்த விஷயத்துக்குப் புத்தகத்துக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் இடங்களில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள். Ca(OH)₂-உம் வலிமை மிகு காரம்தான், நன்றாகக் கரையாத காரம் என்பது மட்டும் வேறுபாடு. அடியில் கரையாத சுண்ணாம்பு தங்கியிருக்கும் தெவிட்டிய சுண்ணாம்பு நீரின் pH 20 டிகிரியில் 12.6, 25-இல் 12.45, 40-இல் ஏறக்குறைய 12.0. மார்கழிக் காலையில் 12.6 காட்டிய அதே நீர் கத்திரி வெயிலில் 12.0 காட்டும். இதில் மிகப் பெரும்பகுதி Kw-வால் வந்த இறக்கம். மீதி, சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு குறைவாகக் கரைவதால் வருவது. எண் இறங்கியதைப் பார்த்து இன்னும் ஒரு மூட்டை சுண்ணாம்பு கொட்டினால் அது அடியில்தான் போய்ச் சேரும். ஏற்கெனவே தெவிட்டிய நீரின் pH அதனால் ஏறாது.

அதே Ca(OH)₂-வைக் கணக்காகத் தந்தால் ஒரு மோலுக்கு இரண்டு OH⁻ என்பதை மறக்காதீர்கள். 0.01 M என்றால் [OH⁻] 0.02, pOH 1.70, 40 டிகிரியில் pH 11.83.

கடைசியாக, Kw மதிப்பு. 40 டிகிரிக்குச் சில புத்தகங்களில் 2.7 × 10⁻¹⁴ என்றும் சிலவற்றில் 2.9 × 10⁻¹⁴ என்றும் இருக்கும். pH-இல் இதனால் வரும் வேறுபாடு 0.03 தான். தேர்வில் கேள்வித்தாள் எந்த எண்ணைத் தருகிறதோ அதையே போடுங்கள். எதுவும் தராமல் வெப்பநிலையையும் சொல்லாவிட்டால் 25 டிகிரி என்று ஒரு வரி எழுதிவிட்டு 14-ஐப் பயன்படுத்துங்கள். லேப் ரெக்கார்டில் இந்த NaOH-க்கு 'pH 11.5 (40 °C)' என்று எழுதுங்கள், அதன் கீழே கணக்கிட்ட மதிப்பு 11.53 என்று. யாராவது அடித்து 12 ஆக்கச் சொன்னால், அதே பீக்கரை ஐஸ் தண்ணீரில் வைத்து 25 டிகிரிக்கு இறக்கி அவர் எதிரிலேயே மீண்டும் அளந்து காட்டலாம்.